இரண்டு ஏக்கர் காட்டுக்குக் கம்பி வலை வேலி: சுற்றளவிலிருந்து ரோல் கணக்கு போடுவது எப்படி

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் பலரும் இப்போது செயின் லிங்க் வேலி போடுகிறார்கள். பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது தொடர்கதையாகிவிட்டது. கிளுவை வேலியில் இடைவெளி விழுந்துவிட்டால் மறுபடி அடைவதற்குள் நாய்க்கு வழி பழகிவிடுகிறது. நானும் அதற்காகத்தான் வேலி போட்டேன்.

வேலை தொடங்கும் முன்பு ஒரே நிலத்துக்கு மூன்று இடங்களில் மதிப்பீடு கேட்டேன். மூன்று பேரும் வேறு வேறு ரோல் எண்ணிக்கை சொன்னார்கள். "எத்தன ஏக்கருங்க?" என்று கேட்டுவிட்டு, இடத்தைப் பார்க்காமலே எண்ணிக்கை சொன்னவரும் உண்டு. அந்தக் குழப்பம் தீர நிறைய அலைய வேண்டியிருந்தது. புதிதாக வேலி போடுகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகக் கணக்கு முழுவதையும் எழுதுகிறேன். என் கணக்கு 5 அடி உயர வலைக்கும் கல்லுக்காலுக்கும் ஆனது. சிமெண்ட் கால் போட்டாலும் முறை இதுதான்.

1. ஏக்கரை வைத்து ரோல் கேட்காதீர்கள்

இரண்டு ஏக்கர் என்றால் 87,120 சதுர அடி. நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 295 அடி, சுற்றளவு 1,180 அடி. அதே இரண்டு ஏக்கர் 145 அடி அகலம், 600 அடி நீளம் என்று பட்டையாக இருந்தால் சுற்றளவு 1,490 அடி. வித்தியாசம் 310 அடி, அதாவது 50 அடி ரோலில் ஆறு ரோலுக்கும் மேல். பங்கு பிரித்த காடுகள் நம் பக்கம் பெரும்பாலும் நீளப் பட்டையாகத்தான் இருக்கின்றன. அதனால் ஏக்கரை வைத்துச் சொல்லும் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே வரும். வேலை பாதியில் நிற்கும்போது வாங்கும் மிச்ச ரோல் வேறு கம்பியாக, வேறு விலையில் வரும்.

2. பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம், அத்துக்கல்

eservices.tn.gov.in தளத்தில் பட்டாவும் புல வரைபடமான எஃப்.எம்.பி.யும் எடுக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கையில் இருந்தால் போதும். வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும்.

இங்கே இரண்டு சிக்கல் வரலாம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் பங்கின் கோடு வரைபடத்தில் இருக்காது. முதலில் உட்பிரிவு செய்துகொள்வதுதான் நல்லது. பங்காளிகளின் வாய்ப்பேச்சை நம்பிக் கல் நட்டுவிட்டு, பிறகு சர்வேயர் வந்து கோடு மாறினால், நட்ட கல்லைப் பிடுங்கி மறுபடி நடும் கூலி உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று, அத்துக்கல் காணாமல் போயிருப்பது. உழவில் புதைந்திருக்கலாம், கிளுவைத் தூருக்குள் மறைந்திருக்கலாம். கல் இல்லையென்றால் எல்லை அளந்து காட்டச் சொல்லி நில அளவைக்கு மனுப் போட்டு, பக்கத்துக் காட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு அளங்கள். சர்வேயர் வந்து போகும் தேதி நம் கையில் இல்லை. ஆகவே கல்லுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இட்டேரியோ ஓடைப் புறம்போக்கோ வாய்க்கால் கரையோ இருந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அங்குலம்கூடப் போகக் கூடாது. தனியார் எல்லையிலும் ஓர் அடி உள்ளே தள்ளி நடுவது நல்ல பழக்கம். வலை கட்டவும் களை வெட்டவும் உங்கள் மண்ணிலேயே நிற்கலாம்.

3. டேப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக அளங்கள்

வரைபட நீளம் கிடைமட்ட அளவு. மேடு பள்ளத்தில் தரையோடு போகும் வலைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் வேண்டும். மூலைக்கு மூலை கயிறு கட்டி, 50 மீட்டர் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு மூலை தவறு.

நான் கணக்குப் போட்டுக் காட்டும் நிலம் சுமார் இரண்டு ஏக்கர், நாலு பக்கம். 62.4, 128.6, 66.2, 124.8 மீட்டர். கூட்டினால் 382 மீட்டர். 3.281-ஆல் பெருக்கினால் 1,253 அடி.

நாலு பக்கமும் ஓர் அடி உள்ளே தள்ளுவதால் பக்கத்துக்கு ஏறக்குறைய 2 அடி வீதம் 8 அடி குறையும்: 1,245 அடி. இட்டேரிப் பக்கம் டிராக்டர் டிரெய்லரோடு திரும்பி நுழைய 14 அடி கேட். அதையும் கழித்தால் வலை வேண்டிய நீளம் 1,231 அடி.

4. ரோல் எண்ணிக்கை

1,231-ஐ 50-ஆல் வகுத்தால் 24.6. ஆகவே 25 ரோல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது போதாது. ரோல் 50 அடி என்று பில்லில் இருக்கும், ஆனால் அது எப்படி அளந்த 50 அடி என்பதுதான் கேள்வி.

செயின் லிங்க் வலை இழுத்தால் நீளும், நீளும்போது உயரம் குறையும். வலைக்கண் சரிசதுரமாக, முனையில் நிற்கும் சதுரமாக இருக்கும்போதுதான் அதன் உண்மையான அளவு. 3 அங்குலக் கண் என்றால் பக்கம் 3 அங்குலம், முனைக்கு முனை சுமார் 4¼ அங்குலம். குறுக்கேயும் நெடுக்கேயும் அதே 4¼ இருக்க வேண்டும். 50 அடி ரோலைப் பிடிவாதமாக 53 அடிக்கு இழுத்தால், 60 அங்குல உயரம் 56 அங்குலமாக இறங்கிவிடும். மூன்று அடி நீளம் கிடைத்தது போலத் தெரியும், ஆனால் சுற்றிலும் 4 அங்குல உயரத்தை இழந்திருப்பீர்கள். நாய்க்கு அது அடியில் கிடைத்த வாசல்.

சில பட்டறைகளில் இப்படி இழுத்துப் பிடித்து அளந்து "50 அடி" என்று கட்டிவிடுகிறார்கள். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு ரோலைத் தரையில் விரித்து, உயரம் முழு 5 அடி வரும்படி தளர்த்திவிட்டு, குறுக்கே கண்களை எண்ணுங்கள். 3 அங்குலக் கண்ணில் 10 அடிக்கு 28 கண் வரும், 50 அடிக்கு 141. எண்ணும்போது 136 கண்தான் வந்தால் அந்த ரோல் 48 அடி.

நாம் கணக்குக்கு 48 அடியையே வைத்துக்கொள்வோம். 1,231 ÷ 48 = 25.6. ஆக 26 ரோல். மூலையில் வெட்டிக் கட்டுவதற்கான சேதாரமும் இதற்குள் அடங்கிவிடும். ரோலை எண்ணிப் பார்த்து நிஜமாகவே 141 கண் இருந்தால் ஒரு ரோல் மிச்சமாகும். பிரிக்காத ரோலைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ரோலோடு ரோல் சேர்க்கும் இடத்தில் இன்னொரு இழப்பு உண்டு. அவசரக்காரர்கள் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கட்டுக்கம்பி போட்டுவிடுவார்கள். 26 ரோலுக்கு 25 இணைப்பு, 25 அடி வீண், அரை ரோல். ஒரு முனையிலுள்ள ஒற்றைக் கம்பியைத் திருகிக் கழற்றி, இரண்டு ரோலின் முனைகளையும் பக்கத்தில் வைத்து, அதே கம்பியை மேலிருந்து திருகிக்கொண்டே இறக்கினால் இரண்டும் ஒரே வலையாகிவிடும். இணைப்பே தெரியாது. ஆளை வைக்கும் முன்பு "கம்பி திருகித்தான் சேர்ப்பீங்களா?" என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே ஆமாம் என்பார்.

5. கேஜ்: கடையில் எடை, கையில் காலிபர்

கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ., 13 கேஜ் 2.34 மி.மீ. நாய், ஆடு அளவுக்கு 3 அங்குலக் கண், 12 கேஜ் போதும். எருமை, மாடு உரசும் இடத்துக்கு 10 கேஜ். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றித் தொல்லை இருந்தால் 12 கேஜ் நிற்காது. யானை வரும் வழியில் இந்த வேலியை நம்பவே வேண்டாம், கல்லையே சாய்த்துவிடும்.

12 கேஜ், 3 அங்குலக் கண், 5 அடிக்கு 50 அடி ரோல் ஒன்று சுமார் 28 கிலோ இருக்கும். அதே ரோல் 22 கிலோதான் என்றால் அது 13 கேஜ். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. ஒரு வெர்னியர் காலிபரைக் கையோடு கொண்டுபோய் மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பாருங்கள், எடையும் போட்டுப் பாருங்கள்.

விலை எந்த அளவில் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சதுர அடிக் கணக்கில் விற்பவருக்கு மெல்லிய கம்பியில் லாபம். கிலோக் கணக்கில் விற்பவருக்குக் கண் சின்னதானால் லாபம், ஏனென்றால் எடை கூடும். 12 கேஜிலேயே 2 அங்குலக் கண் என்றால் ரோல் 40 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே கேஜ், கண், உயரம், ரோல் எடை நான்கும் பில்லில் இருக்க வேண்டும். துத்தநாகப் பூச்சு எத்தனை ஜி.எஸ்.எம். என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பூச்சு மெல்லியதாக இருந்தால் முதலில் துருப்பிடிப்பது கம்பி வளையும் மேல் முனையும் மண்ணைத் தொடும் கீழ் முனையும்தான். இந்த வலைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2721. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் பேசும் தோரணையே மாறும்.

6. கல்லுக்கால் எத்தனை, முட்டுக்கால் எத்தனை

காலுக்குக் கால் 10 அடி. மொத்த நீளத்தை 10-ஆல் வகுக்காமல், பக்கம் பக்கமாக வகுத்து மேல்நோக்கி முழுதாக்குங்கள். உள்ளே தள்ளிய பிறகு பக்கங்கள் சுமார் 203, 420, 215, 407 அடி. முதல் பக்கத்தில் கேட் போக 189. இடைவெளிகள் 19, 42, 22, 41, கூட்டினால் 124. கேட்டையும் ஓர் இடைவெளியாக எண்ணினால் 125. சுற்றி வரும் வேலியில் இடைவெளி எத்தனையோ கால் அத்தனை. ஆக 125 கால்.

இதோடு முட்டுக்கால். இதைத்தான் மதிப்பீட்டில் விட்டுவிடுவார்கள். எங்களுக்குக் கல் நட்ட பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மூலைக்கல்லுக்கு முட்டுக் கொடுக்காம வலைய இழுத்தீங்கன்னா, கல்லு உள்ள சாஞ்சுக்கும்ங்க. அப்பறம் வலையத் திட்டிப் புண்ணியமில்லைங்க." மூலைக்கு இரண்டு திசையிலும் ஒவ்வொன்று, நாலு மூலைக்கு 8. கேட் காலுக்கு ஒவ்வொன்று, 2. நீளப் பக்கங்களில் ஏறக்குறைய 100 அடிக்கு ஒரு காலை இழுவைக்காலாக வைத்து இரண்டு பக்கமும் முட்டு. நம் நிலத்தில் அப்படி 8 கால், 16 முட்டு. மொத்தம் 26.

125-உம் 26-உம் சேர்ந்து 151. இறக்கும்போது இரண்டொரு கல் முறியும், ஆகவே 155 சொல்லுங்கள். கல்லை இறக்குவதற்கு முன்பே லாரியில் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று கேட்கும், விரிசல் இருந்தால் மந்தமாகக் கேட்கும்.

சரளை மண்ணுக்கு 7 அடிக் கல் போதும், ஏறக்குறைய 1¾ அடி பூமிக்குள். 5¼ அடி வெளியே நிற்கும், கீழே 2 அங்குலம் விட்டு வலை கட்டலாம். கரிசல் காடாக இருந்தால் மழைக்கு மண் உப்பி, வெயிலுக்கு வெடிக்கும், கல் ஆடிவிடும். அங்கே 8 அடிக் கல்லை வாங்கி இரண்டரை அடி புதையுங்கள். மேலே முள்கம்பி இரண்டு வரிசை ஓட்ட நினைத்தாலும் உயரமான கல்தான் வேண்டும்.

7. ஓட்டுக்கம்பியும் கட்டுக்கம்பியும்

வலை தானாக நிற்காது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று வரிசை ஜி.ஐ. கம்பியை முதலில் இழுத்துக் கட்டி, அதில்தான் வலையைத் தொங்கவிட வேண்டும். 10 கேஜ் கம்பி, 1,231 அடி மூன்று முறை, 3,693 அடி. எடையில் சுமார் 73 கிலோ. காலைச் சுற்றிக் கட்டுவதற்கும் சேர்த்து 80 கிலோ வாங்குங்கள். கீழ் வரிசையை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாய் மூக்கை விட்டு வலையைத் தூக்குவது அங்கேதான்.

கட்டுக்கம்பி 14 கேஜ் ஜி.ஐ. ஓட்டுக்கம்பியைக் கல்லோடு கட்ட, கல்லைச் சுற்றி மூன்று அடி வீதம் 375 கட்டு. வலையை ஓட்டுக்கம்பியோடு கட்ட, இரண்டு அடிக்கு ஒன்றாக மூன்று வரிசைக்கும் சுமார் 1,850 கட்டு, கட்டுக்கு 8 அங்குலம். சேர்த்தால் 18 கிலோ சொச்சம், 20 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். கட்டட வேலைக்குக் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பி மலிவாகக் கிடைக்கும். அதைத் தொடவே வேண்டாம். ஓரிரு மழையில் துருவேறி அறுந்துவிடும், அத்தனை பணம் போட்ட வலை அவிழ்ந்து தொங்கும்.

8. செலவைப் பிரித்துக் கேளுங்கள்

கம்பி விலை அடிக்கடி மாறும். ஆகவே கீழே உள்ள விலைகளைக் கணக்குக்கு வைத்துக்கொண்ட எண்களாக எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விலையை அதன் இடத்தில் போடுங்கள்.

வலை 26 ரோல், 728 கிலோ. கிலோ 95 ரூபாய் என்றால் 69,160. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 81,600 ரூபாய்.
ஓட்டுக்கம்பி, கட்டுக்கம்பி 100 கிலோ, வரியோடு 11,200.
கல் 155, ஒன்று 350 என்றால் 54,250.

மொத்தம் 1,47,000 ரூபாய் சொச்சம், ஓடும் அடிக்கு 119 ரூபாய். இதில் கேட், வண்டி வாடகை, குழி எடுத்துக் கல் நடும் கூலி, வலை கட்டும் கூலி, மூலைக்குக் கான்கிரீட் எதுவும் இல்லை. ஒப்பந்தக்காரர் "அடிக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்று சொல்லும்போது இந்த 119-ஐக் கழித்துப் பாருங்கள். மிச்சம் கூலிக்கே பற்றாத அளவுக்கு இருந்தால், கேஜிலோ முட்டுக்காலிலோ அவர் கை வைக்கப்போகிறார் என்று அர்த்தம். சொன்ன விலை வரியோடா வரியில்லாமலா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

9. எப்போது, எந்த வரிசையில்

சித்திரை வெயிலில் சரளையில் குழி எடுப்பது கடப்பாரைக்கும் ஆளுக்கும் தண்டனை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போது கூலியும் குறையும். கரிசலில் மட்டும் சேறு காயும்வரை பொறுத்திருங்கள்.

முதலில் மூலைக்கல், கேட் கல், இழுவைக்கால், அவற்றின் முட்டுகள். இவற்றுக்குக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம் விடுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த வாரத்தில் கயிறு பிடித்து நடுக்கால்களை நட்டு, மண்ணும் கல்லும் போட்டு இடித்து இறுக்கலாம். அப்புறம் ஓட்டுக்கம்பி, கடைசியாக வலை. கான்கிரீட் இறுகும் முன்பே வலையை இழுக்க ஆட்கள் அவசரப்படுவார்கள், நாள் கூலி அவர்களுக்கு முக்கியம். கல் நட ஓர் ஒப்பந்தம், வலை கட்ட ஓர் ஒப்பந்தம் என்று பிரித்துப் பேசிவிட்டால் இந்தத் தகராறு வராது.

வலையை ராட்செட் புல்லர் போட்டு, இழுவைக்காலிலிருந்து அடுத்த இழுவைக்கால் வரை தவணை தவணையாக இழுங்கள். ஒவ்வொரு தவணையிலும் கட்டுவதற்கு முன்பு டேப்பை எடுத்து இரண்டு மூன்று கண்ணை அளந்துவிடுங்கள். குறுக்கே 4¼, நெடுக்கே 4¼. குறுக்கே நாலரை காட்டினால் ஒரு பல் தளர்த்தச் சொல்லுங்கள்.

வலை கட்டி முடிந்ததும் உள்ளிருந்து ஒரு சுற்று நடந்து, கீழே கை நுழையும் இடமெல்லாம் கல் அடுக்குங்கள். ஓடைப் பள்ளம் குறுக்கிடும் இடத்தில் வலையை நேராக ஓட்டிவிட்டு, கீழே தொங்கும் துண்டு வலையைத் தனியாகக் கட்டுங்கள். வெள்ளம் வந்தால் அந்தத் துண்டு மட்டும் போகும். ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு மூலைக்கற்களையும் அவற்றை ஒட்டிய கட்டுகளையும் மறுபடி பார்த்து இறுக்க வேண்டியிருக்கும். வாங்கிய 20 கிலோ கட்டுக்கம்பியில் மிஞ்சுவதை அதற்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.